அவரே எங்கள் கடையை டேக் செய்தார், அந்தப் படத்தை நாங்கள் போட்டது தவறா?

முந்தானை_சாட்ஸ்வொர்த்

எல்லோருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டோடு ஒட்டிய சின்னக் கடை வைத்திருக்கிறேன். பட்டுப்புடவை, ரவிக்கை தைப்பது, பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை. பாதி வியாபாரம் இன்ஸ்டாகிராம் வழியாகத்தான் வருகிறது.

பிப்ரவரியில் ஒரு வாடிக்கையாளர் தன் தங்கையின் கல்யாணத்துக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு காஞ்சிபுரமும், ஏழு வயது மகளுக்கு அதே நிறத்தில் பாவாடையும் எடுத்தார். கல்யாணம் முடிந்ததும் தாயும் மகளும் மண்டப வாசலில் நிற்கும் படத்தை அவரே தன் பக்கத்தில் போட்டு, புடவை இங்கே எடுத்தது என்று கடையை டேக் செய்திருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் படத்தை எடுத்துக் கடைப் பக்கத்தில் போட்டு, அவரையும் டேக் செய்தேன். கீழே புடவையின் விலை 4,800 ரேண்ட், ஈஸ்டர் வரை பத்து சதவீதம் தள்ளுபடி என்று எழுதினேன். 200 ரேண்ட் கட்டி அந்தப் பதிவை விளம்பரமாகவும் ஓட்டினேன். போதாததற்கு அதே படத்தை வைத்து 300 நோட்டீஸ் அச்சடித்தேன். ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் இரவு அவர் அழைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுதார். புடவை விலையை அவர் மாமியார் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. என் பதிவைப் பார்த்து யாரோ அங்கே சொல்ல, கடன் வாங்கிக் கட்டினாளா என்று பேச்சாகிவிட்டது. அவருக்குத் தெரியாத ஆண்கள் இரண்டு மூன்று பேர் டேக் வழியாக அவர் பக்கத்துக்குப் போய்ச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் குழந்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

உடனே பதிவை எடுத்துவிட்டேன். ஆனால் எனக்குப் புரிய வேண்டும். அவரே ஊருக்குத் தெரியப் போட்ட படம், அவரே என்னை டேக் செய்தார். அது அனுமதி ஆகாதா? 120 நோட்டீஸ் ஏற்கனவே சந்தையில் கொடுத்தாகிவிட்டது. மீதியை என்ன செய்வது?

ஓவர்போர்ட்_கேமரா

அக்கா, நான் வார இறுதியில் கல்யாணப் படம் எடுக்கப் போகிறவன். இதில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான். படம் எடுத்தவருக்குத்தான் உரிமை. அந்த அம்மா கையிலோ உங்கள் கையிலோ எதுவும் இல்லை. படக்காரரைப் பிடித்து ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் யாரும் உங்களைக் கேட்க முடியாது. எழுதி வாங்காவிட்டால் பத்து மில்லியன் ரேண்ட் அபராதம், ஞாபகம் இருக்கட்டும்.

வெருலம்_பலகாரம்

எனக்கும் இதே நடந்தது. தீபாவளிக்கு நான் சுட்ட முறுக்குத் தட்டை வாழையிலையில் அடுக்கிப் படம் எடுத்துப் போட்டேன். வேறு ஊரில் ஒருவர் அதை எடுத்துத் தன் முறுக்கு என்று விற்றுக்கொண்டிருந்தார். படத்தின் மூலையில் பெயர் போட்டால் தடுக்க முடியுமா? எந்த ஆப் நல்லது?

லெனேஷியா_அக்கா

வெருலம் அக்கா, உங்கள் வலி நியாயமானது, ஆனால் கதை வேறு. அது உங்கள் படம், உங்கள் முறுக்கு, அதில் ஆளே இல்லை. படத்தின் உரிமை மட்டும்தான் அங்கே கேள்வி. சாட்ஸ்வொர்த் தங்கச்சி போட்ட படத்தில் இரண்டு மனிதர்கள் நிற்கிறார்கள். அதனால் கேள்வி இரண்டாகிறது: படம் யாருடையது, முகம் யாருடையது. ஒன்றுக்கு வாங்கிய அனுமதி மற்றதற்குச் செல்லாது. பதினான்கு வருடம் ஜோகன்னஸ்பர்க்கில் விளம்பர நிறுவனங்களில் இந்த அனுமதித் தாள்களை வாங்கி அடுக்கும் வேலைதான் பார்த்தேன். பெரிய நிறுவனங்களே இந்த இரண்டையும் போட்டுக் குழப்பும்.

முதலில் படம். ஓவர்போர்ட் தம்பி சொல்வது பொதுவாகச் சரி, கல்யாணப் படத்துக்குச் சரியில்லை. நம் நாட்டில் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், காசு கொடுத்து ஒருவரை அமர்த்திப் படம் எடுக்கச் சொன்னால், அந்தப் படத்தின் உரிமை அமர்த்தியவருக்கு. படக்காரருக்கு இல்லை. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் அந்த ஒப்பந்தப்படி. இங்கே படக்காரரை அமர்த்தியது யார்? உங்கள் வாடிக்கையாளர் இல்லை, அவருடைய தங்கையும் தங்கை கணவரும். ஆக, படம் அநேகமாக அந்தத் தம்பதியுடையது. நிறையப் படக்காரர்கள் உரிமை எங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறார்கள், அதனால் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. எப்படிப் பார்த்தாலும் உங்களை டேக் செய்தவருக்கு அந்தப் படத்தைக் கடைக்குத் தூக்கிக் கொடுக்கும் உரிமை இருந்ததா என்பதே சந்தேகம்.

அடுத்தது முகம். இதில் நம் நீதிமன்றங்கள் வெகு காலமாகத் தெளிவாக இருக்கின்றன. 1954-இல் கேப்பில் ஓகீஃப் என்ற ஒரு பத்திரிகையாளர் வழக்கு. துப்பாக்கி சுடும் இடத்தில் தன்னைப் படம் எடுக்க அவரே சம்மதித்தார், செய்திக் கட்டுரைக்காக. பத்திரிகை அதே படத்தைத் துப்பாக்கி விளம்பரத்தில் போட்டது. கட்டுரைக்குக் கொடுத்த சம்மதம் விளம்பரத்துக்குச் செல்லாது என்று அவர் வழக்குத் தொடர்ந்தார், நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2011-இல் முன்னாள் மிஸ் சவுத் ஆப்பிரிக்கா பசெத்சானா குமாலோ வழக்கு. ஒரு சைக்கிள் கடைக்குப் போனபோது எடுத்த படத்தைக் கடை தன் விளம்பரத்தில் போட்டது. அதிலும் அவருக்கே வெற்றி. கடைக்குள் நின்றதோ, படத்துக்குச் சிரித்ததோ விளம்பரத்துக்கு ஒப்புதல் ஆகிவிடவில்லை.

தங்கச்சி, நீங்கள் செய்ததை இதோடு வைத்துப் பாருங்கள். அவர் உங்களை டேக் செய்தது தன் சொந்தக்காரர்களிடம் புடவை எங்கே எடுத்தேன் என்று சொல்வதற்கு. நீங்கள் அதில் விலை சேர்த்தீர்கள், தள்ளுபடி சேர்த்தீர்கள், காசு கட்டி ஊர் முழுக்க ஓட்டினீர்கள், தாளில் அச்சடித்தீர்கள். படம் ஒன்றுதான், ஆனால் நான்கு புதுப் பயன்பாடு. அவர் ஒன்றுக்கும் சரி சொல்லவில்லை. அவர் அழுததற்குக் காரணமே நீங்கள் சேர்த்த அந்த விலைதான் என்பதைக் கவனியுங்கள்.

அபராதம் பற்றி. பத்து மில்லியன் என்பது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், பேச்சில் போபியா என்கிறோமே அதில், உச்சவரம்பு. ஒரு படத்துக்கு நேராக அந்தத் தொகை வந்துவிடாது. அதைச் சொல்லி அவரைப் பயமுறுத்த வேண்டாம் தம்பி.

புதுவரவு_சாண்டன்

நான் சென்னையிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஐடி வேலை. எனக்கு ஒன்று புரியவில்லை. கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் பத்திரம் எழுதி வாங்கினால் வியாபாரம் எப்போது செய்வது? சட்டத்தில் எழுத்தில்தான் வாங்க வேண்டும் என்று இருக்கிறதா? வாயால் சரி என்று சொன்னால் போதாதா?

லெனேஷியா_அக்கா

நல்ல கேள்வி. எழுத்தில்தான் என்று போபியா சொல்லவில்லை. படத்தை நாமும் பயன்படுத்திக்கொள்ளும் சாதாரண அனுமதியை வாயாலேயே கொடுக்கலாம் என்று பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. உரிமையை முழுதாக எழுதி வாங்கும்போதும், எனக்கு மட்டும் என்று தனி அனுமதி வாங்கும்போதும்தான் கையெழுத்து கட்டாயம்.

ஆனால் போபியாவில் 11-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. சம்மதம் கிடைத்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு தகவலைப் பயன்படுத்தியவருக்கு. அதாவது கடைக்கு. ஆறு மாதம் கழித்து அவர் நான் சொல்லவே இல்லை என்றால், சொன்னார் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். கல்லாவில் நின்றுகொண்டு பேசியதை எப்படிக் காட்டுவீர்கள்? எழுத்து வேண்டியது அதற்குத்தான். பத்திரம் தேவையில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி ஒரு பதில் போதும்.

சம்மதம் என்றால் என்ன என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது: தானாக விரும்பிக் கொடுத்தது, குறிப்பிட்ட ஒன்றுக்குக் கொடுத்தது, விவரம் தெரிந்து கொடுத்தது. உங்க போட்டோ போடலாமா அக்கா என்று கேட்டு, ம் போடுங்க என்று பதில் வந்தால் அதில் இரண்டாவதும் மூன்றாவதும் இல்லை. குழந்தை இருந்தால் இன்னும் இறுக்கம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ பாதுகாவலரோதான் சம்மதிக்க முடியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை, அக்கா மகன் இப்படிப் படத்தில் நிற்கும்போது வாடிக்கையாளரின் சம்மதம் அந்தப் பிள்ளைக்குப் போதாது.

ஓவர்போர்ட்_கேமரா

அமர்த்தியவருக்கு உரிமை என்பது எனக்கு இதுவரை தெரியாது அக்கா. என் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். உரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் மூன்று வருடமாக என் பக்கத்தில் நான் போட்டுக்கொண்டிருக்கும் கல்யாணப் படங்களுக்கும் தம்பதிகளிடம் கேட்டிருக்க வேண்டுமா?

லெனேஷியா_அக்கா

ஆமாம் தம்பி. இனிமேல் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பழைய படங்களுக்கு இப்போதாவது ஒரு செய்தி அனுப்புங்கள்.

முந்தானை_சாட்ஸ்வொர்த்

எப்படிக் கேட்பது என்று ஒரு மாதிரி கொடுத்தால் நன்றாக இருக்கும் அக்கா. நான் கேட்டால் கெஞ்சுவது போல ஆகிவிடுகிறது, இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் போல இருக்கிறது.

லெனேஷியா_அக்கா

இங்கே பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கும், தமிழில் தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் படத்தை அனுப்பிவிட்டு, அந்தப் படத்துக்கே பதிலாக இதை அனுப்ப வேண்டும். எந்தப் படம் என்ற சந்தேகம் அப்போதுதான் வராது.

"வணக்கம் அக்கா. மேலே உள்ள படத்தை எங்கள் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு பதிவாகப் போட உங்கள் அனுமதி வேண்டும். விலை எழுத மாட்டோம். காசு கட்டி விளம்பரமாக ஓட்ட மாட்டோம், அச்சில் போட மாட்டோம். உங்கள் பெயரை டேக் செய்யலாமா வேண்டாமா என்று தனியாகச் சொல்லுங்கள். படத்தில் உங்கள் மகளும் இருக்கிறாள், தாயாக அவளுக்கும் சம்மதமா, இல்லை அவள் இல்லாத படம் ஒன்று தருகிறீர்களா? படம் எடுத்தது யார், அவரை அமர்த்தியது யார்? பிறகு எப்போது வேண்டாம் என்று சொன்னாலும் இரண்டு நாளில் எடுத்துவிடுவோம். உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் போட மாட்டோம்."

டேக்கைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. படத்துக்குச் சரி சொல்லி டேக்குக்கு வேண்டாம் என்பவர்கள் நிறையப் பேர். புடவையைக் காட்டுவதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை, தன் பக்கத்துக்கு வழி காட்டுவதில்தான் தயக்கம். விளம்பரமாக ஓட்ட வேண்டும் என்றால் இதே செய்தியில் நுழைக்காதீர்கள். அதைத் தனியாக, எத்தனை நாள், எந்தப் பக்கங்களில் என்று சொல்லிக் கேளுங்கள். அச்சுக்கும் அப்படியே. அச்சடித்த தாளைத் திரும்பப் பிடிக்க முடியாது, அதை அவர் தெரிந்துகொண்டு சரி சொல்ல வேண்டும்.

பதிலாகக் கட்டைவிரல் மட்டும் வந்தால் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு கேள்வி கேட்டிருக்கிறோம், கட்டைவிரல் எந்தக் கேள்விக்கு? "படத்துக்குச் சரி, டேக் வேண்டாம், மகள் இருக்கலாம்" என்று அவர் வார்த்தையில் வரட்டும். அப்புறம் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக மறையும் வசதியை அவர் போட்டிருந்தால் உங்கள் சான்றும் மறைந்துவிடும். எனக்கு ஒரு முறை அப்படி நடந்தது. ஒரு நகைக்கடைக்காக வாங்கிய பதினோரு அனுமதியும் அவசரத்துக்குத் தேடும்போது இல்லை. அத்தனை பேரிடமும் மறுபடி கேட்டோம், இரண்டு பேர் மனம் மாறியிருந்தார்கள், அவர்கள் படத்தை எடுத்துவிட்டோம்.

கல்லாவில் பணம் கட்டும்போது, படம் போட விட்டால் பத்து சதவீதம் குறைக்கிறேன் என்று கேட்பதையும் தவிர்க்கச் சொல்வேன். காசு குறைகிறதே என்று சொல்லும் சரியைத் தானாகக் கொடுத்தது என்று சொல்வது கடினம்.

புதுவரவு_சாண்டன்

சரி, எழுத்து ஏன் என்று இப்போது புரிகிறது. டேக் விஷயத்தில் என்னால் ஒன்று சேர்க்க முடியும். இன்ஸ்டாகிராமில் படத்தின் மேல் போடும் டேக் வேறு, கீழே எழுதும் வரியில் @ போட்டு எழுதும் பெயர் வேறு. படத்தின் மேல் டேக் செய்தால் அந்தப் படம் அவருடைய பக்கத்திலேயே, டேக் செய்யப்பட்ட படங்கள் வரும் பகுதியில் போய் உட்காரும். அலுவலகத்தில் இருப்பவர்கள், உறவினர் எல்லோரும் அங்கே பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அவர் `Remove me from post` அழுத்தி வெளியே வரலாம். ஆனால் கீழே எழுதிய @ பெயர் அதனால் போகாது. பதிவு போட்டவர்தான் வரியைத் திருத்தி எடுக்க வேண்டும். அக்கா, நீங்கள் இரண்டும் செய்திருந்தீர்களா?

என் பழைய கேள்வி ஒன்று இன்னும் நிற்கிறது. ஒருவர் ஸ்டோரியில் கடையைக் குறிப்பிட்டால், அதை நம் ஸ்டோரியில் சேர்க்க இன்ஸ்டாகிராமே ஒரு பொத்தான் தருகிறது. 24 மணி நேரத்தில் மறைந்தும் விடும். அதற்கும் கேட்க வேண்டுமா? அது எல்லோரும் எதிர்பார்ப்பதுதானே?

லெனேஷியா_அக்கா

ஸ்டோரியில் நீங்கள் சொல்வதற்கு வலு இருக்கிறது. பொத்தான் இருப்பது தெரிந்துதான் குறிப்பிடுகிறார், எதையும் சேர்க்காமல் அப்படியே பகிர்ந்தால் பெரிய சண்டை வராது. பெரியவர்கள் மட்டும் இருக்கும் படம் என்றால் நானும் அவ்வளவு இறுக்க மாட்டேன். ஆனால் அதன் மேல் விலையை ஒட்டினாலோ, பிறகு பக்கத்தின் மேலே நிரந்தரமாகத் தொகுத்து வைத்தாலோ அது 24 மணி நேரக் கதை இல்லை. குழந்தை இருந்தால் ஸ்டோரிக்கும் கேட்பேன். பூட்டிய கணக்கில் ஒருவர் போட்டதை எடுத்துப் போட்டால் அதுவும் வேறு. அவர் நூறு பேருக்குக் காட்டியதை நீங்கள் ஐயாயிரம் பேருக்குக் காட்டுகிறீர்கள்.

முந்தானை_சாட்ஸ்வொர்த்

சாண்டன் தம்பி, ஆமாம், இரண்டும் செய்திருந்தேன். அவர் டேக்கை எடுத்த பிறகும் பெயர் கீழே இருந்தது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் வேண்டுமென்றே விட்டுவைத்தேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நேரில் போனேன். வெறும் கையோடு போகாமல் மீதி 180 நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னாலேயே கிழித்தேன். சந்தையில் கொடுத்த 120-க்கு ஒன்றும் செய்ய முடியாது என்றும் மறைக்காமல் சொன்னேன். விளம்பரத்தை நிறுத்தியதற்கான திரையையும் காட்டினேன். பிறகு தங்கையிடம் பேசினோம். அவர்கள் ஒப்பந்தத்தில், உரிமை படக்காரருக்கே, தம்பதி தங்கள் சொந்தப் பக்கங்களில் போடலாம், வியாபாரத்துக்கு அவரிடம் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. லெனேஷியா அக்கா சொன்ன அந்த "ஒப்பந்தத்தைப் பார்க்காமல்" என்பது எவ்வளவு உண்மை! படக்காரர் நல்ல மனிதர், தன் பெயரைப் போட்டால் காசு வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

வாடிக்கையாளரிடம் உங்கள் மாதிரியை வைத்துக் கேட்டேன். அரை மணி நேரம் பதில் இல்லை. பிறகு வேறு ஒரு படம் அனுப்பினார். பின்பக்கம் திரும்பி நிற்கிறார், முந்தானையின் ஜரிகையும் கொண்டையில் மல்லிகையும் மட்டும் தெரிகிறது. "இது போடலாம், பெயர் வேண்டாம், விலை வேண்டவே வேண்டாம், ஈஸ்டருக்குப் பிறகும் இருக்கலாம்" என்று எழுதியிருந்தார். அந்தப் படமும் அதே படக்காரர் எடுத்தது என்பதால் அவரிடம் மறுபடி தனியாகக் கேட்டுவிட்டுப் போட்டேன்.

இப்போது பழைய பதிவுகளைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். ஆட்கள் இருக்கும் படம் 46. பதில் வராதவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டோங்காட்_வாத்தியார்

இழையை முழுக்கப் படித்தேன், ஒரு சந்தேகம். தைப்பூசக் காவடிக்கு மஞ்சள் வேட்டி, புடவை விற்கும் கடைக்காரர்கள் கோயில் வாசலில் காவடி எடுத்து வருகிறவர்களைப் படம் பிடித்து, எங்கள் வேட்டி என்று போடுகிறார்கள். நாக்கில் வேல், முதுகில் கொக்கி, கண் சொருகிய நிலையில் இருக்கும் மனிதரிடம் யார் அனுமதி கேட்பது? என் மாணவன் ஒருவன் தன்னை அப்படி ஒரு கடைப் பதிவில் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் காவடி எடுக்க மாட்டேன் என்றான்.

ஓவர்போர்ட்_கேமரா

வாத்தியாரையா, அது தெருவில், ஆயிரம் பேர் முன்னால் நடக்கிறது. பொது இடம். படம் எடுப்பதை யாரும் தடுக்க முடியாதே.

லெனேஷியா_அக்கா

எடுப்பது ஒன்று, வேட்டி விற்கப் பயன்படுத்துவது வேறு தம்பி. முகம் அடையாளம் தெரிகிறது, பொருள் விற்கிறது, அப்படியானால் குமாலோ வழக்கில் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறோம். அதோடு மத நம்பிக்கை போபியாவில் சிறப்புத் தகவல், அதற்குப் பாதுகாப்பு அதிகம். அவரே வேண்டுமென்று வெளிப்படையாக்கிய தகவல் என்றால் விதிவிலக்கு உண்டு. காவடி எடுத்துத் தெருவில் வருவது அப்படி வெளிப்படையாக்குவதா, முருகனுக்கு மட்டும் செய்வதா? நான் இரண்டாவது என்பேன். எதிர்ப்பக்க வக்கீல் முதலாவது என்பார்.

டோங்காட்_வாத்தியார்

என் மாணவனிடம் கேட்டேன் அம்மா. கூட்டம் பார்த்ததில் அவனுக்கு வருத்தமில்லை, அவன் படத்தின் கீழே வேட்டியின் அளவும் விலையும் இருந்ததுதான் பொறுக்கவில்லை என்கிறான். கடைக்காரருக்கு அவனே எழுதப் போகிறான். என்ன பதில் வருகிறது என்று இங்கே போடுகிறேன்.